விரவல் முறையில் முகநிரப்பல்: அடையாளம் பற்றிய விமர்சனம்

விரவல் முறை முகநிரப்பல் என்பது ஒரு புகைப்படத்தில் முகத்தின் ஒரு பகுதியை மறைத்துவிட்டு, அந்தப் பகுதியை டிஃப்யூஷன் எனப்படும் விரவல் மாதிரியைக் கொண்டு புதிதாக உருவாக்கும் முறை. இன்பெயின்டிங் என்ற பெயரில் இது பரவலாக அறியப்படுகிறது. பூஞ்சை பிடித்த பழைய படங்களைச் சீர்செய்யவும், கண்ணாடியையோ முகக்கவசத்தையோ நீக்கவும், மங்கிய முகத்தைத் தெளிவாக்கவும் பயன்படுகிறது. நிரப்பப்பட்ட முகம் இயல்பாகத் தெரிவதில் இம்முறை பெரும் வெற்றி பெற்றுள்ளது. ஆனால் அந்த முகம் அதே மனிதருடையதா என்பது வேறு கேள்வி. இந்த இரண்டு கேள்விகளும் ஒன்றாகக் கலக்கப்படுவதே இத்துறையின் முதன்மையான குறை. அந்தக் குறை எங்கே பிறக்கிறது, எவ்வாறு மறைகிறது, எப்படிக் கண்டுபிடிக்கலாம் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

## பின்னணி

விரவல் மாதிரிக்குப் பயிற்சி அளிக்கும்போது, ஒரு படத்தில் சிறிது சிறிதாக இரைச்சலைச் சேர்த்து அதை வெறும் புள்ளிக்கூட்டமாக ஆக்குகிறார்கள். ஒவ்வொரு படியிலும் சேர்க்கப்பட்ட இரைச்சல் எது என்று கணிக்க மாதிரி கற்றுக்கொள்கிறது. பின்னர் வெறும் இரைச்சலில் தொடங்கி, படிப்படியாக அதை நீக்கிக்கொண்டே வந்தால் ஒரு புதிய படம் கிடைக்கிறது. ஜோனதன் ஹோ, அஜய் ஜெயின், பீட்டர் அபீல் ஆகியோர் 2020-ல் வெளியிட்ட ஆய்வு இம்முறையைத் தரமான படங்களை உருவாக்கும் நிலைக்குக் கொண்டுவந்தது.

முழுப் படத்தையும் உருவாக்கும் இந்த மாதிரியை, ஒரு பகுதியை மட்டும் நிரப்பப் பயன்படுத்த முடியும் என்று தெளிவாகக் காட்டிய ஆய்வுகளில் ஒன்று ரீபெயின்ட். சூரிச்சின் ஈ.டி.ஹெச். நிறுவனத்தைச் சேர்ந்த ஆண்ட்ரியாஸ் லுக்மையரும் அவருடைய குழுவினரும் இதை 2022-ல் வெளியிட்டனர். அதே ஆண்டு வெளியான ஸ்டேபிள் டிஃப்யூஷன், நிரப்பலுக்கென்று தனியாகப் பயிற்சி பெற்ற வடிவத்தோடு வீட்டுக் கணினிகள்வரை இம்முறையைக் கொண்டுசென்றது. 2023 முதல் ஐ.பி.-அடாப்டர், இன்ஸ்டன்ட்ஐடி போன்ற இணைப்புகள் வந்தன. ஒரு மனிதரின் வேறொரு படத்தைக் காட்டி அவர் முகத்தையே வரவழைக்க இவை முயல்கின்றன.

## ரீபெயின்ட் செய்வது என்ன

ரீபெயின்ட் முறைக்குப் புதிய பயிற்சி எதுவும் தேவையில்லை. முகங்களை உருவாக்கக் கற்ற ஒரு மாதிரியை அப்படியே எடுத்துக்கொள்கிறது. ஒவ்வொரு படியிலும் இரண்டு துண்டுகள் ஒட்டப்படுகின்றன. மறைக்கப்படாத பகுதி மூலப்படத்திலிருந்து, அந்தப் படிக்கு உரிய அளவு இரைச்சல் சேர்க்கப்பட்டு வருகிறது. மறைக்கப்பட்ட பகுதி மாதிரியின் கணிப்பிலிருந்து வருகிறது. தெரிந்த இடத்தில் 1, மறைத்த இடத்தில் 0 என்று m-ஐக் கொண்டால் சூத்திரம் இவ்வளவுதான்:

```
x = m * known + (1 - m) * unknown
```

இப்படி வெறுமனே ஒட்டினால் ஒரு சிக்கல் வருகிறது. நிரப்பிய தோலின் நிறமும் மேற்பரப்பும் அருகிலுள்ள தோலோடு பொருந்தும், ஆனால் வடிவம் பொருந்தாது. ஒரு கண் ஒரு பக்கம் பார்க்கும், நிரப்பிய கண் வேறு பக்கம் பார்க்கும். இதற்கு ரீபெயின்ட் கண்ட தீர்வு முன்னும் பின்னும் செல்வது. 10 படிகள் இரைச்சலை நீக்கிய பின் மீண்டும் 10 படிகள் இரைச்சலைச் சேர்த்து, திரும்பவும் நீக்குகிறது. இதை ஒவ்வோர் இடத்திலும் 10 முறை செய்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் நிரப்பிய பகுதி தன்னைச் சுற்றியுள்ள பகுதியோடு சற்றுக் கூடுதலாக இணங்குகிறது. 250 படிகளில் முடிய வேண்டிய வேலைக்கு இதனால் மாதிரியை இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட முறை இயக்க வேண்டியிருக்கிறது. முறை மெதுவானது என்பதை ஆய்வாளர்களே ஒப்புக்கொள்கின்றனர்.

விளைவு நேர்த்தியானது. பாதிப் படத்தை மறைத்தாலும் மீதிப் பாதியோடு இணங்கும் முகம் வருகிறது. தையல் தெரிவதில்லை. ஆனால் இங்கு எது எதோடு இணங்குகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். மாதிரியிடம் கேட்கப்படும் கேள்வி, ‘தெரியும் இந்தப் பாதியோடு சேர்ந்து இருக்கக்கூடிய முகங்களில் ஒன்றைக் கொடு’ என்பதே. அப்படிப்பட்ட முகங்கள் எண்ணற்றவை. ஒரே படத்தை, ஒரே மறைப்போடு, வேறு தொடக்க இரைச்சலில் இயக்கினால் வேறு மூக்கும் வேறு வாயும் வருகின்றன. ரீபெயின்ட் ஆய்வு இந்தப் பன்மையை ஒரு சிறப்பாகவே முன்வைக்கிறது. படத்தை நிரப்புவது மட்டுமே நோக்கம் என்றால் அது சிறப்புதான். ஒரு குறிப்பிட்ட மனிதரை மீட்பது நோக்கம் என்றால், அந்தப் பன்மையே அவரைப் பற்றி மாதிரிக்கு எதுவும் தெரியாது என்பதற்குச் சான்று.

ரீபெயின்ட் மதிப்பிடப்பட்ட விதமும் இக்கேள்வியைத் தொடவில்லை. பார்வையாளர்களிடம் இரண்டு முடிவுகளைக் காட்டி எது இயல்பாக உள்ளது என்று கேட்கப்பட்டது. அதோடு மூலப்படத்துக்கும் முடிவுக்கும் உள்ள தோற்ற வேறுபாட்டை எல்.பி.ஐ.பி.எஸ். என்ற அளவால் கணக்கிட்டனர். இவை இரண்டும் ‘இவர் அவர்தானா’ என்று கேட்பவை அல்ல. ஆய்வாளர்கள் அப்படி உரிமை கோரவும் இல்லை. பின்னால் இம்முறையை முகமீட்பு என்று அழைத்தவர்களே அந்தப் பொருளை ஏற்றினர்.

## பல்ஸ் நிகழ்வின் பாடம்

இந்தக் குழப்பம் விரவல் மாதிரிகளுக்கு முன்பே வெளிப்பட்டுவிட்டது. 2020-ல் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பல்ஸ் என்ற கருவியை வெளியிட்டனர். சில புள்ளிகளே கொண்ட மங்கலான முகத்திலிருந்து தெளிவான முகத்தை அது உருவாக்கியது. அதன் அடியில் இருந்தது ஸ்டைல்கேன் என்ற வேறுவகை மாதிரி. ஆயினும் செய்யும் வேலை ஒன்றுதான்: தெரிந்த சிறு தகவலோடு பொருந்தும் முகங்களில் ஒன்றைத் தேடித் தருவது. பராக் ஒபாமாவின் மங்கலாக்கப்பட்ட படத்தைக் கொடுத்தபோது, வெள்ளையினத்தவர் போன்ற ஒருவரின் தெளிவான முகம் வந்தது.

அந்த முகத்தை மீண்டும் மங்கலாக்கினால் கொடுத்த படத்தோடு அது பொருந்தும். கணக்கின்படி விடை சரி. மனிதர்தான் வேறு. பயிற்சிப் படங்களில் எந்த முகங்கள் மிகுதியோ, அவற்றை நோக்கியே விடை சாய்கிறது. கருவி உருவாக்குவது இல்லாத மனிதர்களின் கற்பனை முகங்களே, எவரையும் அடையாளம் காண இது உதவாது என்று அதன் ஆக்குநர்கள் விளக்கக் குறிப்பில் எழுதிவைத்தனர்.

விரவல் முறையில் நிரப்பப்படும் முகத்துக்கும் இந்தக் குறிப்பு அப்படியே பொருந்தும். வேறுபாடு ஒன்று உண்டு. பல்ஸ் முழு முகத்தையும் மாற்றியதால் தவறு கண்ணுக்குப் பட்டது. முகநிரப்பலில் பாதி முகம் உண்மையாகவே இருப்பதால், மறுபாதி தவறானது என்பது எளிதில் தெரிவதில்லை.

## அடையாளம் நுழையும் மூன்று வழிகள்

மறைத்த பகுதியில் அந்த மனிதர் இல்லை. எனவே அவருடைய அடையாளம் வெளியிலிருந்துதான் வந்தாக வேண்டும். அதற்கு மூன்று வழிகளே உள்ளன.

முதல் வழி, மறைப்பின் அடியில் எஞ்சியிருக்கும் படம். நிரப்பும் கருவிகளில் strength அல்லது Denoising strength என்றொரு அளவு உண்டு. இது 1 என்றால் அடியில் இருப்பது முற்றிலும் இரைச்சலாகிவிடும். 0.4 என்றால் இரைச்சலின் ஒரு பகுதி மட்டுமே சேரும். 30 படிகள் கேட்டிருந்தால் கடைசி 12 படிகள் மட்டும் இயங்கும். முகத்தின் பெரிய அமைப்பு முதல் படிகளிலேயே தீர்மானமாகிறது, தோலின் நுண்மையும் இமைமுடியும் கடைசிப் படிகளில் வருகின்றன. ஆகவே குறைந்த அளவில் இயக்கினால் முக அமைப்பு தப்பிவிடுகிறது. மங்கிய முகத்தைத் தெளிவாக்க இந்த வழி நன்கு உதவும். ஆனால் அடியில் இருப்பது முகமாக இல்லாமல் பூஞ்சைக் கறையாக இருந்தால், காப்பாற்றப்படுவது கறையின் வடிவம்தான். கறையைப் போக்க அளவை உயர்த்தினால் முகமும் சேர்ந்து போகிறது.

இரண்டாம் வழி, மறைப்புக்கு வெளியே தெரியும் பகுதி. தோலின் நிறம், ஒளி விழும் திசை, தாடையின் கோடு, மறுபக்கக் கண் ஆகியவற்றை மாதிரி இங்கிருந்து எடுத்துக்கொள்கிறது. ஒரு கண் மட்டும் மறைந்திருந்தால் இந்த வழி பெரும்பாலும் போதும், மறுகண் வழிகாட்டும். இரண்டு கண்களும் மறைந்தால் வழிகாட்ட ஏதுமில்லை. வாயும் அப்படியே. மறைப்பின் பரப்பளவு எவ்வளவு என்பதைவிட, மறைந்த உறுப்புக்கு முகத்தில் வேறெங்காவது இணை உண்டா என்பதே முடிவைத் தீர்மானிக்கிறது.

மூன்றாம் வழி, அதே மனிதரின் வேறொரு படம். ஐ.பி.-அடாப்டரின் முகவடிவமும் இன்ஸ்டன்ட்ஐடியும் இவ்வழியில் செல்கின்றன. வேறொரு படத்திலுள்ள முகத்தை முகமறியும் வலையமைப்பு ஒன்றிடம் கொடுத்து, அதை 512 எண்கள் கொண்ட வரிசையாக மாற்றுகிறார்கள். ஒரே மனிதரின் படங்கள் அருகருகான வரிசைகளையும், வேறு மனிதரின் படங்கள் விலகிய வரிசைகளையும் தரும்படி அந்த வலையமைப்பு பயிற்சி பெற்றிருக்கிறது. 2019-ல் வெளியான ஆர்க்ஃபேஸ் இதில் பெயர்பெற்றது. இந்த எண்வரிசையை விரவல் மாதிரிக்குள் செலுத்தினால், நிரப்பும் ஒவ்வொரு படியிலும் அது முகத்தை அந்த மனிதரை நோக்கித் திருப்புகிறது. இன்ஸ்டன்ட்ஐடி இதோடு இரு கண்கள், மூக்கு, வாயின் இரு முனைகள் ஆகிய 5 புள்ளிகளையும் கொடுத்து முகம் நிற்கும் கோணத்தைக் கட்டுப்படுத்துகிறது.

இந்த மூன்றாம் வழியே ஒரு குறிப்பிட்ட மனிதரைப் பற்றிய புதிய தகவலைக் கொண்டுவருகிறது. அதன் எல்லையும் அதன் பிறப்பிலேயே உள்ளது. முகமறியும் வலையமைப்பு வயது, ஒளி, முகபாவம், ஒப்பனை ஆகியவை மாறினாலும் ஒரே விடையைச் சொல்லும்படி பழக்கப்பட்டது. அதாவது இவற்றையெல்லாம் கழித்துவிடக் கற்றது. ஒரு மச்சத்தை அது பதிவுசெய்தாக வேண்டிய கட்டாயம் இல்லை. 112 புள்ளி அகலமும் உயரமும் கொண்ட சிறு படத்தில் அந்த மச்சம் ஒரு புள்ளியாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். பள்ளி மாற்றுச் சான்றிதழில் அங்க அடையாளம் என்று எழுதப்படுவது மச்சமும் தழும்பும்தான். குடும்பத்தார் ஒருவரை அடையாளம் காண்பதும் உதட்டோரச் சுழிப்பு, ஒருபக்கப் புன்னகை போன்றவற்றால்தான். மனிதர் அடையாளம் என்று கொள்வதும் இயந்திரம் அடையாளம் என்று கொள்வதும் இந்த இடத்தில் பிரிகின்றன.

## ஓர் எடுத்துக்காட்டு

இம்முறையின் வலிமையையும் எல்லையையும் ஒரு குழுப்படத்தைக் கொண்டு பார்க்கலாம். ஒரு குடும்பத்திடம் பழைய திருமணக் குழுப்படம் ஒன்று இருக்கிறது என்று கொள்வோம். அதில் நிற்கும் இளம்பெண் ஒருவரின் இடக்கண், இடக்கன்னம், வாயின் இடமுனை ஆகியவற்றைப் பூஞ்சை தின்றுவிட்டது. அவருடைய இளமைக்காலப் படம் அது ஒன்றே. முதுமையில் எடுத்த கடவுச்சீட்டு அளவுப் படம் ஒன்றும் உள்ளது. குழுப்படம் ஸ்கேன் செய்யப்பட்டு 3000 புள்ளி அகலத்தில் இருக்கிறது. அதில் அவர் முகத்தின் அகலம் 150 புள்ளிகள்.

முதல் தவறு முழுப் படத்தையும் அப்படியே கொடுப்பதில் நேர்கிறது. ஸ்டேபிள் டிஃப்யூஷனின் முதல் வடிவங்கள் 512 புள்ளி அகலத்தில் வேலை செய்பவை. 3000 புள்ளிகள் 512 ஆகச் சுருங்கும்போது 150 புள்ளி முகம் ஏறத்தாழ 25 புள்ளியாகிறது. அம்மாதிரி படத்தை நேரடியாகக் கையாள்வதில்லை. 8-க்கு 8 புள்ளிகளை ஒரு கட்டமாகச் சுருக்கி, 64-க்கு 64 கட்டங்களில் வேலை செய்கிறது. எனவே முழு முகமும் மூன்று கட்ட அகலத்தில் அடங்கிவிடுகிறது. ஒரு கண்ணுக்கு ஒரு கட்டம்கூடக் கிடைப்பதில்லை. குழுப்படங்களில் நிரப்பிய முகம் உருகிய மெழுகுபோல் தெரிவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

ஆகவே முகத்தைச் சுற்றி 300 புள்ளிச் சதுரத்தை மட்டும் வெட்டி எடுத்து 512 ஆகப் பெரிதாக்க வேண்டும். இப்போது முகம் 256 புள்ளி, அதாவது 32 கட்டங்கள். முகத்தின் அகலத்தில் ஐந்திலொரு பங்கு கண் என்று கொண்டால், அதற்கு ஆறு கட்டங்களுக்கு மேல் கிடைக்கிறது. பல கருவிகளில் Only masked என்ற தேர்வு இந்த வெட்டலைத் தானே செய்யும். ஆனால் பெரிதாக்குவதால் புதிய தகவல் வருவதில்லை. மூலப்படத்தில் கண்ணுக்கு இருந்தது 30 புள்ளிதான். முடிவில் தெரியும் ஒவ்வோர் இமைமுடியும் மாதிரியின் கற்பனை.

அடுத்தது மறைப்பு. கறையின் எல்லையைத் தாண்டிச் சில புள்ளிகள் கூடுதலாக மறைக்க வேண்டும். இல்லையென்றால் ஓரத்தில் எஞ்சும் கறையைத் தோலின் நிறம் என்று மாதிரி எடுத்துக்கொள்ளும். அதே சமயம் பூஞ்சை தொடாத மூக்கின் நுனியையோ உதட்டின் நடுப்பகுதியையோ வசதிக்காக மறைக்கக்கூடாது. அவை அவரைப் பற்றி எஞ்சியுள்ள சாட்சி.

கறை மீது குறைந்த strength பயன்படாது என்று முன்பே பார்த்தோம். இதற்கு ஓர் இடைவழி உண்டு. வலப்பக்கக் கண்ணையும் கன்னத்தையும் நகலெடுத்து, இடவலமாகத் திருப்பி, கறையின் மீது ஒட்டிவிட்டு, பின்னர் 0.5 அளவில் நிரப்பலாம். இப்போது மறைப்பின் அடியில் இருப்பது அவருடைய முகம்தான். இதிலும் சில சிக்கல்கள் உள்ளன. ஒளி ஒருபக்கமிருந்து விழுந்திருந்தால் நிழல் தவறான பக்கம் சேரும். விழியில் தெரியும் ஒளிப்புள்ளி எதிர்த்திசைக்குப் போகும். வலக்கன்னத்தில் மச்சம் இருந்தால் இடக்கன்னத்திலும் ஒன்று முளைக்கும். நிழலையும் ஒளிப்புள்ளியையும் மாதிரி ஓரளவு திருத்திவிடும். மச்சத்தை அது திருத்தாது. அதைக் கையால்தான் நீக்க வேண்டும்.

வாயின் இடமுனைக்கும் வலமுனையே வழிகாட்டி. இங்குதான் இழப்பு மிகுதி. கண்கள் ஓரளவு ஒத்திருக்கலாம். புன்னகை பெரும்பாலும் ஒருபக்கமாகச் சாய்வது. அவர் எப்படிப் புன்னகைத்தார் என்பது பூஞ்சையோடு போய்விட்டது.

முதுமைப் படத்தைத் துணைக்கு எடுத்தால் கண்ணின் வடிவமும் கண்களுக்கிடையேயான தொலைவும் உறுதிப்படும். ஆனால் அந்தப் படத்தின் செல்வாக்கைக் கூட்டினால் கண்ணுக்குக் கீழே தொங்கும் தசை, ஒடுங்கிய கன்னம், கண்ணாடி அணிந்திருந்தால் அதன் தடம் ஆகியவையும் உள்ளே வரலாம். செல்வாக்கைக் குறைத்தால் மாதிரியின் பொதுமுகம் திரும்பி வருகிறது. ஒரு பாதியில் இருபது வயதும் மறுபாதியில் நாற்பது வயதும் தெரியும் முகம், இந்த அளவு மிகுந்துவிட்டதற்கு அடையாளம்.

கடைசியாக ஒன்று. கட்டங்களாகச் சுருக்கி மீண்டும் விரிக்கும்போது மறைக்காத பகுதியும் சிறிதளவு மாறிவிடுகிறது. வலக்கண்ணின் கூர்மை குறையலாம், அருகில் நிற்பவரின் முகம் நெளியலாம். அதனால் மாதிரி தந்த படத்தை அப்படியே ஏற்காமல், மறைப்புக்கு வெளியே மூலப்படத்தின் புள்ளிகளைத் திரும்ப ஒட்ட வேண்டும்:

```python
final = Image.composite(result, original, mask)
```

ஓரங்களை மென்மையாக்காத மறைப்பைக் கொண்டு இப்படி ஒட்டிய பின், மூலப்படத்துக்கும் இறுதிப் படத்துக்கும் உள்ள வேறுபாடு மறைப்புக்கு வெளியே சுழியமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் தொடக்கூடாத முகம் தொடப்பட்டுள்ளது என்று பொருள்.

## அளவிடுவதில் உள்ள சுழற்சி

முடிவு அதே மனிதர்தான் என்பதற்கு இத்துறையில் தரப்படும் வழக்கமான சான்று ஓர் எண். மூலமுகத்தின் எண்வரிசையையும் முடிவின் எண்வரிசையையும் ஒப்பிட்டு, எவ்வளவு நெருக்கம் என்று கணக்கிடுகிறார்கள். ஒரே திசையில் இருந்தால் 1, தொடர்பே இல்லையென்றால் 0-ஐ ஒட்டி வரும். இந்த எண்ணை மூன்று காரணங்களுக்காக ஐயத்தோடு அணுக வேண்டியுள்ளது.

முதலாவது, அளவுகோலும் செய்பொருளும் ஒன்றாகிவிடுவது. ஆர்க்ஃபேஸ் எண்வரிசையைக் காட்டி உருவாக்கிய முகத்தை ஆர்க்ஃபேஸாலேயே அளந்தால் எண் உயர்வாகத்தான் வரும். கேள்வித்தாளைக் கையில் வைத்துக்கொண்டு படித்தவரின் மதிப்பெண் போன்றது அது. உருவாக்கத்தில் பங்குபெறாத, வேறு படங்களில் பயின்ற இன்னொரு வலையமைப்பால் அளப்பதே குறைந்தபட்ச நேர்மை.

இரண்டாவது, முகத்தின் உண்மையான பாதி தரும் இலவச மதிப்பெண். மேற்கண்ட எடுத்துக்காட்டில் முகத்தின் பெரும்பகுதி மூலப்படத்திலிருந்தே வருகிறது. மறைத்த இடத்தில் யாருடைய கண்ணை வைத்தாலும் எண் ஓரளவு உயர்வாகவே இருக்கும். எனவே தனியாக ஓர் எண்ணுக்குப் பொருள் இல்லை. துணைப்படம் எதுவும் காட்டாமல் நிரப்பிய முடிவின் எண்ணை முதலில் எடுக்க வேண்டும். துணைப்படத்தோடு கிடைத்த எண் அதைவிட எவ்வளவு கூடியது என்பதே துணைப்படத்தின் பங்களிப்பு.

மூன்றாவது, மிக உயர்ந்த எண் எப்போதும் நல்ல செய்தி அல்ல. ஒரே மனிதரின் இரண்டு உண்மையான படங்கள், பல ஆண்டு இடைவெளியில் எடுக்கப்பட்டவை, ஒன்றுக்கொன்று கணிசமாக விலகியே இருக்கும். நிரப்பிய இளமுகம் முதுமைப் படத்தோடு அந்த இயல்பான நெருக்கத்தையும் மிஞ்சிப் பொருந்தினால், அங்கே நடந்திருப்பது மீட்பு என்பதைவிட நகலெடுப்பு என்றே சொல்ல வேண்டும். அதே மனிதரின் வேறு உண்மைப் படங்களுக்கிடையே உள்ள நெருக்கத்தை ஒரு முனையிலும், அவருடைய உடன்பிறந்தவரோடு உள்ள நெருக்கத்தை மறுமுனையிலும் வைத்துப் பார்த்தால்தான் எண் பேசத் தொடங்கும். உடன்பிறந்தவரின் எண்ணைக்கூடத் தாண்டாத முடிவு, குடும்பச் சாயலை மட்டுமே பிடித்திருக்கிறது.

சோதனைக்குத் தேர்ந்தெடுக்கப்படும் முகங்களிலும் இதே குறை உண்டு. ரீபெயின்ட் உட்படப் பல ஆய்வுகள் செலப்-ஏ-ஹெச்கியூ என்ற தொகுப்பைப் பயன்படுத்துகின்றன. அதில் இருப்பவை 30,000 பிரபலமுகப் படங்கள், ஒரே மனிதரின் பல படங்கள் உட்பட. இணையத்திலிருந்து திரட்டிய படங்களில் பயின்ற பெரிய மாதிரிகளுக்கும் பிரபலங்களின் முகம் அறிமுகமானதே. அவர்களுடைய முகம் திரும்பி வந்தால், அது படத்தில் எஞ்சிய தகவலால் வந்ததா, மாதிரியின் நினைவிலிருந்து வந்ததா என்று பிரித்தறிய முடியாது. குழுப்படத்தில் நிற்கும் பெண்ணை எந்த மாதிரியும் பார்த்ததில்லை. பிரபலங்களில் கிடைத்த வெற்றி அவருக்குக் கிடைக்கும் என்று எதிர்பார்க்க இடமில்லை.

## எளிய சோதனை

ஆய்வகம் இல்லாமலே செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு. துணைப்படம் இல்லாமல், மற்ற எல்லா அளவுகளையும் மாற்றாமல், தொடக்க இரைச்சலை மட்டும் மாற்றி 20 முடிவுகளை உருவாக்கி அவற்றை வரிசையாக அடுக்க வேண்டும். இருபதிலும் மாறாமல் வரும் கூறுகள் தெரிந்த பகுதியால் கட்டுப்படுத்தப்பட்டவை. தோல்நிறமும் தாடைக்கோடும் பெரும்பாலும் இவ்வகை. படத்துக்குப் படம் மாறும் கூறுகள் மாதிரி இட்டுக்கட்டியவை. வாயின் முனையும் இமையின் மடிப்பும் பெரும்பாலும் அவ்வகை. அந்த வரிசையிலிருந்து பிடித்த ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதுவே அவர் முகம் என்று கொடுப்பவர், மீதி பத்தொன்பதையும் மறைத்துவிடுகிறார்.

துணைப்படத்தைச் சேர்த்த பின் இதே சோதனையைச் செய்தால் முடிவுகளுக்கிடையே வேறுபாடு குறையும். வேறுபாடு குறைந்ததால் உண்மை நெருங்கிவிட்டது என்று முடிவுசெய்யக் கூடாது. இருபது முடிவுகளும் ஒரே துணைப்படத்தை நோக்கிச் சாய்ந்திருக்கின்றன என்பது மட்டுமே அதன் பொருள். இந்தச் சோதனை பொய்யைக் காட்டிக்கொடுக்கும், உண்மையை உறுதிசெய்யாது.

மனிதர்களைக் கொண்டு சோதிப்பதிலும் கேள்வி கேட்கும் முறை முக்கியம். ‘இது பாட்டிதானே?’ என்று கேட்டால் குடும்பத்தார் பெரும்பாலும் ஆம் என்பார்கள். சேலையும் நிற்கும் இடமும் உண்மையான பாதிமுகமும் அவர்களுக்கு விடையைச் சொல்லிவிடுகின்றன. நிரப்பிய பகுதியை மட்டும் வெட்டியெடுத்து, வேறு மூவரின் அதே பகுதியோடு கலந்து, இவற்றில் எது அவர் என்று கேட்பதே சோதனை. அவரை இளமையில் நேரில் கண்டவர் இருந்தால் அவருடைய விடைக்கே எடை அதிகம்.

## மதிப்பீடு

விரவல் முறை நிரப்பல் ஒரு பட இடைவெளியை அழகாக மூடும் கலையில் முந்தைய முறைகளைவிட வெகுதூரம் வந்துள்ளது. ரீபெயின்ட்டின் முன்னும் பின்னும் செல்லும் உத்தியும், ஸ்டேபிள் டிஃப்யூஷனின் தனிப்பயிற்சியும் தையல் தெரியாத நிரப்பலைச் சாத்தியமாக்கின. அடையாள எண்வரிசையைச் செலுத்தும் பிந்தைய முறைகள், ஒரு குறிப்பிட்ட மனிதரைப் பற்றிய தகவலுக்கு இதில் இடமளித்தன. மங்கல் நீக்கல், கீறல் மூடல், இணை உள்ள ஓர் உறுப்பை நிரப்பல் ஆகியவற்றில் மனிதரின் அடையாளம் பெரும்பாலும் தப்புகிறது. காரணம், இவற்றில் அவரைப் பற்றிய தகவல் படத்திலேயே எஞ்சியிருக்கிறது.

இரு கண்களோ முழு வாயோ போன இடத்தில் நிலைமை வேறு. அங்கே துணைப்படம் இல்லாமல் கிடைப்பது அவருக்குப் பொருத்தமான ஓர் அந்நியரின் முகம். துணைப்படத்தோடு கிடைப்பது அந்தப் படத்தின் வயதையும் பாவத்தையும் சுமந்த ஓர் ஊகம். சுவரில் மாட்ட அந்த ஊகம் போதுமானதாக இருக்கலாம். காணாமற்போனவரைத் தேடவும், ஆவணத்தில் இருப்பவர் யார் என்று முடிவுசெய்யவும் அதைப் பயன்படுத்தினால், மாதிரியின் கற்பனை ஒரு மனிதருக்கு எதிரான சாட்சியாகிவிடும்.

குடும்பப் படங்களிலும் ஓர் இழப்பு காத்திருக்கிறது. நிரப்பிய படம் மூலப்படத்தைவிடத் தெளிவாக இருப்பதால் அதுவே பகிரப்படும், அச்சிடப்படும், மூலப்படம் பெட்டிக்குள் போய்விடும். ஒரு தலைமுறை கழிந்தால் மாதிரி வரைந்த வாயே பாட்டியின் வாயாக நினைவில் நிற்கும். இதைத் தவிர்க்க மூலப்படத்தின் ஸ்கேன், மறைப்பின் படம், இறுதிப் படம் மூன்றையும் ஒரே உறையில் வைத்திருப்பது போதும். முகத்தில் எந்த அளவு அவருடையது, எந்த அளவு வரைந்தது என்பதை மறைப்பின் படம் யாருடைய விளக்கமும் இன்றிக் காட்டிவிடும்.